பொங்கலோ பொங்கல்: மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பாட்டு கட்டுவது எப்படி

பொங்கல் பாட்டு எழுத உட்கார்ந்தால் கை தானாகக் கரும்பு, மாடு, சூரியன் என்று போகும். அப்புறம் உழவர் வருவார், கோலம் வரும், தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதும் வந்து சேரும். ஒரு பக்கம் நிறைந்துவிடும். வாசிக்க நன்றாகவே இருக்கும். அதை மூன்று வயதுப் பிள்ளையிடம் பாடிக் காட்டினால்தான் விஷயம் தெரியும். பிள்ளை நம் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கும். வரிகளின் கடைசிச் சொல்லை மட்டும் எட்டிப் பிடிக்கும். நான்காவது வரி வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடும்.

எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு வாசலில் ஒன்றாகப் பானை வைப்போம். அங்கே மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்வார்கள். அவர்களுக்காகப் பாட்டு கட்டிப் பார்த்து, தவறி, திருத்தியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவில் கிடைத்த பாட்டு மொத்தம் ஐம்பது விநாடி ஓடும். அந்தப் பாட்டையே எடுத்து, எப்படிக் கட்டினேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை. கைதட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் கூவலைப் பிடியுங்கள்

பாட்டை முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். அந்தப் பண்டிகையில் எல்லோரும் சேர்ந்து கத்துகிற சொல் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். பொங்கலுக்கு அது நம் கையிலேயே இருக்கிறது: பொங்கலோ பொங்கல். பால் பொங்கி வழியும்போது தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு எல்லோரும் கூவுவது. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம், பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இப்போது அதைக் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். முதல் தட்டில் ‘பொங்க’, இரண்டாவதில் ‘லோ’, மூன்றாவதில் ‘பொங்கல்’. நான்காவது தட்டில் வாயில் ஒன்றும் இல்லை, கை மட்டும் தட்டும். ஆக நான்கு தட்டு, அதில் கடைசித் தட்டு வெறுமை. அந்த வெறுந்தட்டில்தான் பிள்ளை மூச்சு வாங்கும். பெரியவர்களுக்கு ஒரே மூச்சில் இரண்டு வரி பாட முடியும். சின்னப் பிள்ளைக்கு முடியாது. மூச்சுக்கு இடம் வைக்காத பாட்டில் பிள்ளைகள் சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார்கள், அங்கேயே தாளம் நழுவிவிடும். நம் கூவலில் அந்த இடம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. இந்த நான்கு தட்டுதான் பாட்டு முழுவதற்கும் அளவுகோல். இனி எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த நான்கு தட்டுக்குள் அடங்க வேண்டும்.

வேறு பண்டிகைக்கு எழுதுகிறீர்கள் என்றாலும் இதே வழிதான். கார்த்திகையில் மாவலி சுற்றும்போது ‘மாவலியோ மாவலி’ என்று கூவுவார்கள் அல்லவா, அதையும் தட்டிப் பாருங்கள். மாவ, லியோ, மாவ, லி. அதுவும் நான்கு தட்டில் சரியாக உட்காரும்.

கூவலை எங்கே வைப்பது

நான் முதலில் செய்த தவறு இங்கேதான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ‘பொங்கலோ பொங்கல்’ வரும்படி எழுதினேன். நான் ஒரு வரி பாட வேண்டும், பிள்ளைகள் அதைக் கூவ வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே வரி வந்தால் எளிது என்று நினைத்தேன். பாடியும் விட்டார்கள். ஆனால் மூன்றாவது முறை கூவும்போது குரலில் உற்சாகம் போய்விட்டது. ஐந்து வயதுக்காரி ஒருத்தி நிறுத்திக் கேட்டாள்: “இன்னும் பாலே ஊத்தலையே, அதுக்குள்ள எப்படிப் பொங்கும்?”

அவள் சொன்னது சரி. அந்தக் கூவல் பால் பொங்கும் கணத்துக்கு உரியது. பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே ஆறு முறை கூவிவிட்டால் பொங்கும்போது கூவுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆகவே கூவலைக் கடைசிக்குத் தள்ளினேன். அதுவரை பிள்ளைகள் சொல்வதற்குச் சின்னச் சின்ன வரிகள் வேண்டும். பாட்டின் உடல் அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

பால் பொங்குவதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று வரிசையாக யோசித்தேன். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டுகிறோம். பானையை அடுப்பில் வைக்கிறோம். பால் ஊற்றுகிறோம். அடுப்பை ஊதுகிறோம். பால் பொங்குகிறது. அவ்வளவுதான், இதற்குமேல் பாட்டில் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அரிசியும் வெல்லமும் இல்லாத பொங்கல் பாட்டா என்று என் அம்மா கேட்டார். அரிசியை, வெல்லத்தைச் சேர்த்தும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். எங்கள் வாசலில் பால் பொங்கிய பிறகுதான் அரிசி போடுவோம். பாட்டிலும் அப்படியே வைத்தேன். கூவல் முடிந்ததும் பிள்ளைகள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குமேல் அரிசியாவது வெல்லமாவது, யார் காதிலும் விழவில்லை. கூவலுக்குப் பின்னால் எதை வைத்தாலும் அது வீண். அரிசியைப் பாலுக்கு முன்னால் தூக்கி வைக்கலாமா என்றால், எங்கள் வீட்டு வழக்கம் மாறிவிடுகிறது, அந்த ஐந்து வயதுக்காரி மறுபடியும் கேட்பாள். உங்கள் வீட்டில் அரிசி களைந்த நீரையும் முதலிலேயே பானையில் விடுவீர்கள் என்றால் அதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் வரிசைதான் பாட்டின் வரிசையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் அடுத்த வரியை நினைவில் வைத்துக்கொள்வது அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான்.

பாட்டு

திருத்தியெல்லாம் முடித்தபின் நின்றது இது. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் வரி பெரியவர் பாடுவது, அடுத்த வரி பிள்ளைகள் பாடுவது. ‘பொங்குது’ வரி இரண்டு முறையும் பெரியவருடையது, கூவல் பிள்ளைகளுடையது.

மஞ்சள் மஞ்சள் மஞ்சள் கொத்து
*கட்டு கட்டு கட்டு*

பானை பானை புதுப் பானை
*வை வை வை*

பாலு பாலு பசும் பாலு
*ஊத்து ஊத்து ஊத்து*

அடுப்பு அடுப்பு செங்கல் அடுப்பு
*உஃப் உஃப் உஃப்*

பொங்குது பொங்குது பாலு பொங்குது
பொங்குது பொங்குது பாலு பொங்குது

*பொங்கலோ பொங்கல்!*
*பொங்கலோ பொங்கல்!*
*பொங்கலோ பொங்கல்!*

முதல் நான்கு ஜோடிகளையும் இரண்டிரண்டு முறை பாட வேண்டும். ஒரு ஜோடிக்கு எட்டுத் தட்டு. நான்கு ஜோடி, இரண்டு முறை என்றால் அறுபத்து நான்கு தட்டு. ‘பொங்குது’ வரிக்கு எட்டு, கூவலுக்குப் பன்னிரண்டு. மொத்தம் 84 தட்டு. நிமிடத்துக்கு நூறு தட்டு என்ற வேகத்தில் பாடினால் ஐம்பது விநாடி ஆகும். இதைவிட நீளமாக எழுத ஆசை வரும். வந்தால் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை நிற்க வைத்து ஐம்பது விநாடி எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.

ஒரு தட்டுக்குள் எவ்வளவு சொல் கொள்ளும்

பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு இங்கே கைகொடுக்கும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்த மாதிரிப் பாட்டில் ஒரு தட்டுக்குள் நான்கு மாத்திரைவரை தாராளமாகக் கொள்ளும். அதற்குமேல் போனால் சொல் அடுத்த தட்டின்மேல் வழியும்.

நம் பாட்டிலேயே பார்க்கலாம். ‘பொங்குது’ என்பதில் பொ ஒன்று, ங் அரை, கு ஒன்று, து ஒன்று, ஆக மூன்றரை. ‘ஊத்து’ என்பதும் மூன்றரை. ‘மஞ்சள்’ மூன்று. ‘பானை’ என்பதில் கடைசி ஐ குறுகி ஒலிப்பதால் அதுவும் மூன்றுதான். ஒரு தட்டுக்குள் நான்கைத் தாண்டியது பாட்டில் எங்குமே இல்லை. குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். ‘வை’ என்று இரண்டு மாத்திரைதான் இருக்கிறது, குரல் அதை நீட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு நீட்டுவது பிடிக்கும், அடக்கிச் சொல்வதுதான் கடினம்.

ஒரு சொல் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ‘சர்க்கரைப்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கரை மாத்திரை. அந்த அரை மாத்திரைக்காகவே வாய் திணறும். பேச்சில் ‘சக்கரைப்’ என்று ர்-ஐ விட்டுவிடுகிறோம் பாருங்கள், அப்போது நான்காகி தட்டுக்குள் சரியாக உட்கார்ந்துவிடும். ‘பால்’ என்று எழுதாமல் ‘பாலு’ என்று எழுதியதும் இதே மாதிரிக் காரணத்தால்தான். ‘பால்’ என்று முடித்தால் ல் என்ற மெய்யில் வாய் மூடி நிற்கும். பிள்ளை எப்படியும் ‘பாலு’ என்றுதான் சொல்லப்போகிறது, வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறது. எழுத்தில் அதையே வைத்துவிட்டால் பாடிக்கொடுப்பவரும் பிள்ளையும் ஒரே மாதிரிப் பாடுவார்கள். ‘ஊற்று’ என்பதை ‘ஊத்து’ என்று வைத்ததும் அப்படியே. பிள்ளைப் பாட்டில் பேச்சுச் சொல் வருவதை யாராவது குறை சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு சொல் ஒரே தட்டுக்குள் முடிய வேண்டும். ‘பச்சரிசி’ என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தால் ‘பச்ச’ ஒரு தட்டிலும் ‘ரிசி’ அடுத்த தட்டிலும் விழும். பெரியவர் காது இரண்டையும் ஒட்டிக் கேட்டுக்கொள்ளும். மூன்று வயதுக் காதுக்கு ‘ரிசி’ என்று தனியாக ஒரு பொருள் இருப்பதாகவே கேட்கும். கூவலில் ‘பொங்க’, ‘லோ’ என்று பிரிவது மட்டும்தான் விதிவிலக்கு, அது பிள்ளைகள் காதில் ஏற்கெனவே ஒரே துண்டாக இருப்பதால் சிக்கல் இல்லை.

நாக்குக்கு எட்டும் சொல்

தாளம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் முதலில் ஒரு வரி எழுதினேன்: ‘உழவர் வாழ்வில் மகிழ்ச்சி பொங்க.’ தட்டிப் பாருங்கள், நான்கு தட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரைக்குள். கணக்கில் குறையே இல்லை. ஆனால் முதல் மூன்று சொல்லிலும் ழ வருகிறது. ழ என்பது பிள்ளைகள் வாயில் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்று. மூன்று வயதில் பழம் என்பது பயம் என்றோ பளம் என்றோதான் வரும். அந்த வரியைப் பிள்ளைகள் பாடியபோது எனக்கே புரியவில்லை. ‘மகிழ்ச்சி’ என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ப, ம, த, ந, க, ட, வ, இவையெல்லாம் சீக்கிரம் வரும் ஒலிகள். பிள்ளைகள் பாடும் வரிகளைப் பாருங்கள்: கட்டு, வை, ஊத்து. எதுவும் நாக்கை முறுக்காது. ர, ற, ழ மூன்றும் அந்த வரிகளில் இல்லை. பெரியவர் பாடும் வரியில் கொஞ்சம் கடினமான ஒலி வந்தால் பாதகமில்லை, அதைப் பிள்ளை கேட்டால் போதும், சொல்ல வேண்டியதில்லை. ‘மஞ்சள்’ என்பதில் ள் வருகிறதே என்று கேட்கலாம். அது வீட்டில் தினமும் புழங்கும் சொல். தெரிந்த சொல்லில் தெரியாத ஒலி வந்தால் பிள்ளை தன் வழியில் சொல்லிக்கொண்டு போய்விடும். தெரியாத சொல்லில் வந்தால்தான் நின்றுவிடும்.

பெரியவர் வரியின் அமைப்பையும் பாருங்கள். ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லி, மூன்றாவது தட்டில் ஓர் அடைமொழி வைத்து, நான்காவதில் அதே சொல்லுக்குத் திரும்புகிறது: பானை பானை புதுப் பானை. முதல் வரி மட்டும் கொஞ்சம் மாறி, மஞ்சளிலிருந்து கொத்துக்குப் போகிறது. மற்ற வரிகளில் புதிதாக வருவது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘நல்ல பானை’ என்று எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. புதுப் பானை என்றால் போன வாரம் வாங்கி வந்தது. செங்கல் அடுப்பு என்றால் வாசலில் மூன்று செங்கல் வைத்தது. நீங்கள் சமையலறையில் காஸ் அடுப்பில் பொங்கல் வைப்பவர் என்றால் ‘காஸு அடுப்பு’ என்றே மாற்றிவிடுங்கள், ஊதுவதற்குப் பதில் ‘டிக் டிக் டிக்’ என்று பற்றவையுங்கள். பாட்டு கெட்டுவிடாது.

மோனையும் எதுகையும் தேட வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரே சொல் திரும்ப வருவதால் மோனை தானாக வந்துவிடுகிறது. பானை, பாலு, பசும், பொங்குது, பொங்கல் என்று ப வரிசையும் தொடர்கிறது. அதற்குமேல் எதுகைக்காகச் சொல்லைத் தேடிப் போனால் பொருள் பொருந்தாத சொல்தான் வந்து மாட்டும். நான் தேடவில்லை.

மெட்டு

மெட்டு தெரியாதவர்கள் வெறுமனே தட்டிச் சொன்னாலே போதும், இது பாட்டாகிவிடும். மெட்டு வேண்டுமென்றால் மோகன ராகத்தின் ரி, க, ப, த என்ற நான்கு ஸ்வரங்களே போதும். பெரியவர் வரிக்கு: பக, பக, தத, பக. மஞ் என்பது ப, சள் என்பது க, இப்படி. பிள்ளைகள் வரிக்கு: பா, பா, கா, வெறுந்தட்டு. ப-விலிருந்து க-வுக்கு இறங்கும் இந்த இறக்கம் தெருவில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லி நீட்டிக் கூப்பிடும்போது வருவதுதான். அதனால் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்வார்கள்.

‘பொங்குது’ வரியில் மட்டும் மெட்டு மாறும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி ஏறும்: முதல் பொங்குது ரி, இரண்டாவது க, பாலு ப, கடைசிப் பொங்குது த. பால் பானையில் ஏறி வருவது போலக் குரலும் ஏறும். முதல் முறை மெல்லிய குரலில், கிட்டத்தட்ட ரகசியம் போல. இரண்டாவது முறை குரலைத் திறந்து. அப்புறம் கூவல். கூவலுக்கு ஸ்வரம் வேண்டாம். அது கூவல்தான், பாட்டாக்கினால் உயிர் போய்விடும்.

சுருதி விஷயத்தில்தான் பெரும்பாலான பெரியவர்கள் தவறுவார்கள். நமக்கு வசதியான சுருதியில் தொடங்கிவிடுவோம். குறிப்பாக ஆண் குரலில் பாடிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது எட்டாத பள்ளம். அவர்கள் ஸ்வரத்தை விட்டுவிட்டுப் பேச்சுக் குரலில் முணுமுணுப்பார்கள். பிள்ளைகள் பாடாமல் முணுமுணுத்தால் வெட்கம் என்று நினைக்காதீர்கள், முதலில் சுருதியை ஏற்றிப் பாருங்கள். கீபோர்டு இருந்தால் நடுவிலுள்ள ஸி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் கணக்கில் ஒரு கட்டை. அப்போது பாட்டு முழுவதும் அதற்கு மேலுள்ள டி-யிலிருந்து ஏ வரைக்குள் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளின் குரல் சிரமமில்லாமல் நிற்கும் இடம் அதுதான். கீபோர்டு இல்லாவிட்டால் பிள்ளைகள் விளையாட்டில் கூப்பிடும் குரலைக் கேட்டு அந்த உயரத்தில் தொடங்குங்கள்.

சொல்லிக்கொடுப்பது

எனக்கு ஐந்து நாள் போதுமாக இருந்தது, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். பாட்டை முழுதாகப் பாடிக் காட்டி ‘இப்போ நீங்க பாடுங்க’ என்று சொல்வது பலிக்காது. முதல் நாள் பிள்ளைகள் வரிகளை மட்டும் செய்கையோடு விளையாடினோம். கட்டு என்றால் இரண்டு கையாலும் முடிச்சுப் போட வேண்டும். வை என்றால் குனிந்து பானையை இறக்க வேண்டும். ஊத்து என்றால் சாய்க்க வேண்டும். உஃப் என்றால் குனிந்து ஊத வேண்டும். அன்று பாட்டே இல்லை, தட்டும் செய்கையும் மட்டும்தான். செய்கையோடு கையும் தட்ட முடியாது என்பதால் தட்டுவது பெரியவர் வேலை. காலைத் தரையில் தட்டினாலும் சரி.

இரண்டாம் நாள் என் வரிகளைச் சேர்த்தேன். நான் பாடுவேன், அவர்கள் பதில் சொல்வார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர் என் வரியையும் தாங்களாகவே பாடத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கவில்லை, பாடு என்று சொல்லவும் இல்லை. ‘பொங்குது’ வரியும் கூவலும் நான்காம் நாள்தான் வந்தன. அதை முதல் நாளே காட்டியிருந்தால் மற்ற நாட்களில் வேறெதையும் செய்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் முழுதாக.

இதற்குள் வெளிவந்த சிக்கல்களில் ஒன்று வேடிக்கையானது. முதலில் ‘உஃப்’ வரி இருக்கும் இடத்தில் ‘ஊது ஊது ஊது’ என்றுதான் எழுதியிருந்தேன். முந்தைய ஜோடியில் ‘ஊத்து’. எழுத்தில் பார்த்தால் இரண்டும் வேறு. பிள்ளைகள் வாயில் இரண்டும் ஒன்று. பாதிப் பேர் அடுப்பில் பாலை ஊற்றினார்கள், மீதிப் பேர் பாலை ஊதினார்கள். ஒரு பிள்ளை தெளிவாக, பால் சூடா இருக்கு அதான் ஊதுறேன் என்றான். அதனால்தான் ஊதுகிற சத்தத்தையே வரியாக்கினேன். உஃப் என்பது யாருக்கும் எதோடும் குழம்பாது. ஒன்றைப் போல ஒன்று ஒலிக்கும் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்துவிடுங்கள், கண்ணால் பார்த்தால் தெரியாது.

உஃப் வரியில் இன்னொன்று இருக்கிறது. பிள்ளைகள் நிஜமாகவே முழு மூச்சையும் ஊதித் தள்ளுவார்கள். அடுத்து ‘பொங்குது’ வரியில் மூச்சே இருக்காது. அந்த வரி பெரியவருடையது என்பதால் அவர்களுக்கு எட்டுத் தட்டு அவகாசம் கிடைக்கிறது. இந்த இடத்தில் பெரியவர் வரியை ஒருமுறையாகச் சுருக்கிவிடாதீர்கள். சுருக்கினால் கூவல் மெலிந்துதான் வரும்.

வேகம் கூடுவது எப்போதும் நடக்கும். பிள்ளைகள் இயல்பிலேயே நம்மைவிட வேகமாகத் தட்டுவார்கள், உற்சாகம் ஏறினால் இன்னும் வேகம். முதலில் காணாமல் போவது வெறுந்தட்டுதான். ‘கட்டு கட்டு கட்டு’ முடிந்ததும் அந்த ஒரு தட்டு இடைவெளி இல்லாமல் அடுத்த வரி வந்து விழுந்தால் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கத்தி நிறுத்த வேண்டாம். வெறுந்தட்டில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் தூக்குவார்கள். கை மேலே போய் இறங்க நேரம் பிடிக்கும், வேகம் தானாக அடங்கும்.

பானைக்கு முன்னால்

பொங்கல் அன்று இதைப் பாடுவதென்றால் பால் எப்போது பொங்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஐம்பது விநாடிப் பாட்டைப் பாலோடு பொருத்த முடியாது என்று முதலில் தயங்கினேன். வழி இருக்கிறது. முதல் நான்கு ஜோடிகளையும் மஞ்சள் கட்டும்போது, பானை வைக்கும்போது, பால் ஊற்றும்போது, அடுப்பு மூட்டும்போது அந்தந்த வேலையோடு பாடிவிடுங்கள். இடையில் எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் காத்திருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பார் அல்லவா, பால் விளிம்புக்கு ஏறத் தொடங்கியதும் அவர் கை காட்ட வேண்டும். அப்போது ‘பொங்குது பொங்குது’ என்று தொடங்குங்கள். விறகடுப்பில் பால் ஏறத் தொடங்கினால் வழிய அதிக நேரம் பிடிக்காது, இரண்டு முறை பாடுவதற்குள் வழிந்துவிடும். முந்திக்கொண்டு பொங்கிவிட்டால் வரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கூவலுக்குப் போய்விடுங்கள், பிள்ளைகள் தாங்களாகவே போய்விடுவார்கள்.

பிள்ளைகளைக் கோலத்துக்கு அந்தப் பக்கம், அடுப்பிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி நிற்க வையுங்கள். ஊதும் செய்கை பழகியவர்கள், நிஜ அடுப்பைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிவார்கள். எங்கள் வாசலில் ஒருவன் அப்படிப் போனான், பிடித்து நிறுத்தினோம். அதன்பின் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டுவிடுகிறோம்.

எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கூவலுக்குத்தான். முன்பே கையில் கொடுத்துவிட்டால் பாட்டு கேட்காது. நாங்கள் தட்டுகளை ஒரு கூடையில் போட்டு, ‘உஃப் உஃப் உஃப்’ முடிந்து பாலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் எடுத்துக் கொடுக்கிறோம். போன தையில் கூடையை எடுக்கும்போதே மூன்று வயதுக்காரி ஒருத்தி பானையைப் பார்த்து மெல்ல ‘பொங்குது பொங்குது’ என்று பாடத் தொடங்கிவிட்டாள். பால் அப்போதுதான் விளிம்பில் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர் கை காட்டவே இல்லை, நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் பாடினோம்.